உறவினர் கார்டில் போட்ட டிக்கெட்டா? தேவனஹள்ளி கவுண்ட்டரில் நிற்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு டிக்கெட் போடுவது பெரும்பாலும் அங்கே இருப்பவர்கள்தான். அதில் ஒரு சிக்கல் இருப்பது பலருக்கும் விமான நிலையத்தில்தான் தெரிய வருகிறது.

அண்மையில் ஊத்தங்கரைப் பக்கத்து அம்மா ஒருவர் மகளின் பிரசவத்துக்காகத் துபாய் கிளம்பினார். டிக்கெட்டை மருமகனின் அண்ணன் தன் துபாய் வங்கி கிரெடிட் கார்டில் போட்டிருந்தார். போகவர 31,600 ரூபாய். காலை 10 மணி விமானத்துக்கு விடியற்காலை 2 மணிக்கே கார் எடுத்து, ஓசூர் வழியாகத் தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாஸ்போர்ட், விசா எல்லாம் சரி. கணினியைப் பார்த்த கவுண்ட்டர் பெண், "பணம் கட்டின கார்டைக் காட்டுங்கம்மா" என்றார். கார்டு துபாயில். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைக் காட்டினால், செல்லாது. விமானம் கிளம்ப 60 நிமிடத்துக்கு முன் கவுண்ட்டர் மூடிவிடும். கடைசியில் வெளியே நின்ற மகன் டிக்கெட் மேசையில் தன் கார்டைத் தேய்த்து, அதே விமானத்துக்கு 47,200 ரூபாய்க்குப் புது டிக்கெட் வாங்கினார். பழைய பணம் மூன்று வாரம் கழித்து அண்ணன் கார்டுக்குத் திரும்பியது. கூடுதலாகப் போன 15,600 போனதுதான்.

இத்தனைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணில் முன்பே கேட்டதற்கு "ஒன்றும் வேண்டாம்" என்றிருக்கிறார்கள். இ-டிக்கெட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்து ஆங்கிலத்தில், பணம் கட்டிய கார்டைக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பயணம் செய்பவரோ தமிழ் மட்டும் படிப்பவர்.

ஏன் கேட்கிறார்கள்? திருட்டுக் கார்டில் டிக்கெட் போட்டுப் பறந்த பிறகு, உண்மையான சொந்தக்காரர் "நான் வாங்கவில்லை" என்று வங்கியில் புகார் கொடுத்தால், விமான நிறுவனத்திடமிருந்து பணம் திரும்ப எடுக்கப்படலாம். அதனால் சந்தேகம் தட்டும் பதிவுகளில் கணினியே குறி போட்டுவிடும். பயணியின் பெயரும் கார்டுப் பெயரும் வேறு, கார்டு ஒரு நாடு, பயணம் கிளம்பும் இடம் வேறு நாடு, பயணத் தேதி பக்கத்தில் என்றால் வாய்ப்பு அதிகம். இந்திய கார்டில் இங்கே ஆன்லைனில் கட்டினால் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டு கார்டில் சில நேரம் அது இல்லாமலே பணம் போய்விடும். அப்படிப் போயிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

எல்லா நிறுவனமும் கேட்பதில்லை, கேட்பவர்களும் எல்லோரிடமும் கேட்பதில்லை. "எங்க சித்தப்பாவுக்குக் கேட்கலையே" என்பதை நம்பிக் கிளம்பக் கூடாது.

டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், கார்டுக்காரர் இருக்கும் ஊரில் அந்த நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர் கார்டும் தன் அடையாள அட்டையும் எடுத்துப்போய்க் காட்டினால், சரிபார்த்தாயிற்று என்று உங்கள் பிஎன்ஆரில் குறிப்பு போடுவார்கள். இதுதான் உறுதியான வழி. குறிப்பு ஏறியதை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, அச்செடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

அலுவலகம் இல்லையென்றால் ஒப்புதல் கடிதம். அதில் கார்டுக்காரர் பெயர், கார்டின் கடைசி 4 இலக்கம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பயணி பெயர், 6 எழுத்து பிஎன்ஆர், 13 இலக்க டிக்கெட் எண், தேதி, தொகை, நாட்டுக் குறியீட்டோடு போன் எண், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கூடவே கார்டின் முன்பக்க நகலும், கார்டுக்காரர் பாஸ்போர்ட் நகலும். கார்டு எண்ணின் நடு இலக்கங்களை மறைத்துவிடுங்கள். பின்பக்கமும் கேட்டால் சிவிவி எண்ணைக் கட்டாயம் மறைக்க வேண்டும். கடிதத்தையே ஏற்காத நிறுவனங்களும் உண்டு; ஏற்பார்களா என்று போனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் கையில் இருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: போனைத் தட்டிப் பணம் கட்டும் ஆப்பிள் பே போன்றவற்றில் பதிவாகும் எண் வேறு, பிளாஸ்டிக் கார்டில் உள்ள எண் வேறு. கடைசி 4 இலக்கம் பொருந்தாது. கார்டு தொலைந்து புது எண் வந்திருந்தாலும் இதே கதைதான்; வங்கியிடம் கடிதம் வாங்க வேண்டும்.

"சரிபார்ப்புக்கு" என்று சொல்லி ஓடிபியோ பின் எண்ணோ கேட்டால் அது மோசடி. எந்தக் கவுண்ட்டரிலும் அதைக் கேட்க மாட்டார்கள்.

இனிமேல்தான் போடப் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டிலிருந்து பணத்தை அம்மா அப்பா வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, இங்கிருந்து யுபிஐ அல்லது நெட் பேங்கிங்கில் கட்டிவிடுங்கள். காட்டச் சொல்லக் கார்டே இருக்காது. ஏஜென்ட் மூலம் எடுத்தால் ரசீதையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் பாருங்கள். பணம் ஏஜென்ட் பெயரில் போயிருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. விமான நிறுவனத்தின் பெயரிலேயே போயிருந்தால் கார்டைக் கேட்கலாம்.

கடைசி நேரத்தில் மாட்டிக்கொண்டு புது டிக்கெட் வாங்கினால், போகும் பயணத்துக்கு மட்டும் வாங்கிவிட்டுப் பழைய டிக்கெட்டில் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். முதல் பயணம் போகாவிட்டால் பெரும்பாலான நிறுவனங்களில் திரும்பும் பயணமும் தானாக ரத்தாகிவிடும். பழையதை முழுதாக ரத்து செய்து பணம் திருப்பச் சொல்லி, காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கவுண்ட்டரை விட்டு நகருங்கள்.