ஐந்து நாள் கணக்குத் தாளில் ஒட்டுறவுக் கெழுவும் தொடர்புப் போக்குக் கோடும்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

எங்கள் குடியிருப்பின் பொது மீட்டரில் தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்குகளும் மட்டுமே இணைந்துள்ளன. எது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தனி மீட்டர் இல்லாததால், இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவையும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிட உதவும் தொடர்புப் போக்குக் கோட்டையும் பல ஆண்டுகளாகத் தாளில் கையாலேயே கணக்கிட்டு வருகிறேன்.

அண்மைத் தாள் ஒன்றில் மோட்டார் ஓடிய நேரம் (x) 1, 2, 3, 4, 5 மணி. அந்தந்த நாளில் செலவான யூனிட் (y) 3.1, 3.9, 5.2, 6.0, 6.8. சராசரிகள் 3, 5. ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து விலக்கங்களை எழுதிக்கொள்கிறேன். இரு நிரல்களிலும் அவற்றின் கூடுதல் பூச்சியமாக வராவிட்டால் மேற்கொண்டு பெருக்குவதில் பயனில்லை. விலக்கங்களின் பெருக்கற்பலன்களைக் கூட்டினால் 9.5, x விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 10, y-க்கு 9.1. இவற்றிலிருந்து ஒட்டுறவுக் கெழு r, கோட்டின் சாய்வு b, வெட்டுத்துண்டு a ஆகியவை கிடைக்கின்றன:

```
r = 9.5 / √(10 × 9.1) ≈ 0.996
b = 9.5 / 10 = 0.95
a = 5 − 0.95 × 3 = 2.15
```

கோடு y = 2.15 + 0.95x. சாய்வின் அலகு ஒரு மணிக்கு இத்தனை யூனிட் என்பதால், 0.95 என்பது மோட்டார் இழுக்கும் கிலோவாட்டே ஆகும். 1 ஹெச்.பி. மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறன் 0.746 கிலோவாட், இழப்புகளையும் சேர்த்தால் மீட்டரில் 0.95 ஏறுவது இயல்பே. வெட்டுத்துண்டு 2.15 என்பது மோட்டார் ஓடாத நாளிலும் ஆகும் செலவு. x = 0 நம் தரவின் எல்லைக்கு வெளியே இருப்பதால் அதை அப்படியே நம்பிவிட முடியாது; ஆனால் 20 வாட் குழல் விளக்குகள் ஒன்பதும் 12 மணி நேரம் எரிந்தால் 2.16 யூனிட் ஆகும் என்ற தனிக் கணக்கு அதற்குத் துணை நிற்கிறது.

இம்முறையில் நான் மிகவும் மதிப்பது வெட்டுத்துண்டைத்தான். பலரோ r-ஐ மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். ஐந்தாம் நாளில் வெல்டிங் வேலைக்காரர் பொது மீட்டரிலிருந்து மின்சாரம் எடுத்து, 6.8 என்பது 11.8 ஆகிவிட்டதாகக் கொள்வோம். அப்போதும் r 0.90 என்று கௌரவமாகவே வரும். ஆனால் சாய்வு 1.95 ஆக இரட்டித்து, வெட்டுத்துண்டு 0.15-க்குச் சரிந்துவிடும். இரவெல்லாம் விளக்கெரியும் மாடிப்படிக்கு 0.15 யூனிட் என்பது நடக்காத காரியம். ஒரே ஒரு நாள், அதுவும் தாளின் ஓரத்தில் இருக்கும் நாள், கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. விலக்க நிரலைக் கண்ணால் பார்த்தாலும் இது தெரியும்: −2.9, −2.1, −0.8, 0 என்று வந்த வரிசை திடீரென 5.8-க்குத் தாவுகிறது.

குறை என்று சொன்னால், பதினைந்து வரிசைகளைத் தாண்டினால் கை சலித்துவிடும். சராசரி முழு எண்ணாக அமையாதபோது தசமங்களும் படுத்தி எடுக்கும். அத்தகைய தாள்களைக் கணினியில் போட்டுவிட்டு, விலக்க நிரலை மட்டும் அச்செடுத்துப் பார்க்கிறேன்.