அம்மாவுக்கு டயாலிசிஸ், எனக்கு வேலை: எந்த நேர மாற்றத்தைக் கேட்பது?

வாரம் 40 மணி நேர வேலை. அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி காலை 7 மணிக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். இந்த நிலையில் இருப்பவர் மேனேஜரிடம் மூன்று விதமாகக் கேட்கலாம்.

நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை செய்து வாரத்தில் ஒரு நாள் லீவு எடுப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இங்கே அது உதவாது. டயாலிசிஸ் மூன்று நாள், கிடைப்பதோ ஒரு நாள். மற்ற இரண்டு நாளும் மதியம் வந்து இரவு பத்து வரை உட்கார வேண்டும்.

நாளை இரண்டாகப் பிரிப்பது அடுத்த வழி. அம்மாவை விட்டுவிட்டு 8 முதல் 10.30 வரை வேலை, பிறகு அழைத்துவந்து 1 முதல் 6.30 வரை. தாளில் எட்டு மணி நேரம் கச்சிதமாக வரும். ஆனால் டயாலிசிஸ் சொன்ன நேரத்தில் முடிவதில்லை. ஊசியை எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்; பிரஷர் இறங்கிவிட்டால் எழவே விடமாட்டார்கள். அப்போதெல்லாம் ஒரு மணிக்கு வைத்த மீட்டிங் தவறும். தவறுவதைவிட, எந்த நாளில் தவறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததுதான் டீமைச் சிரமப்படுத்தும்.

நான் மூன்றாவதையே கேட்கச் சொல்வேன்: டயாலிசிஸ் நாட்களில் 12 முதல் 7 வரை, மற்ற இரண்டு நாளும் ஒன்பதரை மணி நேரம். 21-ம் 19-ம் சேர்ந்து அதே 40. காலை முழுவதும் அம்மாவுக்கு என்பதால், சற்றுத் தாமதமானாலும் வேலையில் இடிக்காது. குறையும் உண்டு. வீடு திரும்பியபின் அம்மா அசந்து கிடக்கும் மதியத்தில் கூட இருக்க வேறொருவர் வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் இதைக் கேட்காதீர்கள். வேலை நேரத்தையே குறைத்துக் கேட்பதுதான் சரி.

அப்புறம், இதை நிரந்தரமாகக் கேட்பதா, சோதனையாகக் கேட்பதா? நிரந்தரம் என்றதும் மேனேஜருக்கு, பின்வாங்க முடியாதே என்ற தயக்கம் வரும். நாலு வாரச் சோதனைக்குச் சுலபமாகச் சரி சொல்வார், ஆனால் அது 12 டயாலிசிஸ்தான், பழகுவதற்குள் முடிந்துவிடும். எட்டு வாரம் கேளுங்கள், நாலாவது வார முடிவில் ஒரு பேச்சு வையுங்கள். எதை வைத்து முடிவு செய்வது என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: 12 மணிக்கு மேல் தாமதமாக வந்த நாட்கள், தள்ளிப்போன வேலைகள், திடீர் லீவுகள்.

பலரும் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு. எட்டு வாரம் முடிந்து யாரும் எதுவும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? கடிதத்தில் இப்படி எழுதலாம்: “ஏழாவது வாரத்தில் பேசி முடிவெடுப்போம். முடிவு எழுத்தில் வரும்வரை இதே நேரம் தொடரும். பழைய நேரத்துக்குத் திரும்பச் சொன்னால், மாற்று ஏற்பாட்டுக்கு இரண்டு வார அவகாசம் வேண்டும்.”