‘அம்மாகிட்ட கேளு’, ‘வாங்கிக் கொடுங்க’: பொம்மை, நொறுக்குத்தீனி விளம்பரம் யாரிடம் பேசலாம்?

விளம்பர வசனம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைத் தமிழில் மறைக்க முடியாது. வினைமுற்றே காட்டிக் கொடுத்துவிடும். ‘கேளு’ என்றால் எதிரில் இருப்பது குழந்தை. ‘வாங்கிக் கொடுங்க’ என்றால் பெற்றோர். விளம்பரம் எழுதுகிறவர்கள் இதைத் தொனி பற்றிய விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். சட்டமோ இந்தச் சொல் முடிவையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும்.

2013-இல் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் முன் இப்படி ஒரு வழக்கு வந்தது. இணைய விளையாட்டு ஒன்றில் கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் மெருகேற்றும் பொருள்களை விற்க ஒரு விளம்பரம். அது ஆட்டக்காரரை ‘நீ’ என்று ஒருமையில் அழைத்தது. பிள்ளைகள் பேசும் சொற்களையே பயன்படுத்தியது. இந்த இரண்டையும் வைத்துத்தான் அது குழந்தைகளிடம் ‘வாங்கு’ என்று நேரடியாகச் சொல்கிறது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. இப்படிச் சொல்வதற்கான தடையின் வேர், ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கொண்டுவந்த நியாயமற்ற வணிக நடைமுறை நெறியில் இருக்கிறது. குழந்தையை ‘வாங்கு’ என்பதும், ‘பெரியவர்களை வாங்கித் தரச் சொல்லு’ என்பதும் எந்தச் சூழலிலும் கூடாதவை என்று அதன் பட்டியல் சொல்கிறது. இந்தியாவில் 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் இதே தடை உண்டு.

அப்படியென்றால் பெற்றோரிடம் மட்டும் பேசிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. இரண்டு வழியிலும் குழி இருக்கிறது. ஒரே பொருளுக்கு இருபது விநாடி விளம்பரத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால் அது தெரியும். பொருள், ரிமோட்டில் ஓடும் ஒரு கார். விளம்பரப் படிவம் முதலில் குழந்தைக்கு:

“மலை ஏறும், பள்ளம் தாண்டும், யாராலயும் பிடிக்க முடியாது! உன் ஃபிரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் இருக்கு, உன்கிட்ட மட்டும் இல்லையா? இன்னைக்கே அப்பாகிட்ட சொல்லு!”

அடுத்தது பெற்றோருக்கு:

“உங்க பிள்ளை மத்தவங்களைவிடப் பின்தங்கலாமா? மூளை வளர்ச்சிக்கு உதவும் கார். இன்னைக்கே வாங்கிக் கொடுங்க.”

முதல் படிவத்தின் கடைசி வாக்கியம் மேலே சொன்ன தடையில் நேராக விழுகிறது. ஆனால் அதற்கு முந்தைய வாக்கியம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பொருள் இல்லாத பிள்ளை மற்றவர்களைவிடக் கீழானவன், அவனை யாரும் சேர்க்க மாட்டார்கள் என்ற உணர்வை ஏற்படுத்துவது இந்திய வழிகாட்டுதலில் தனியாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்று பிரிக்கத் தெரியும். அந்த விளம்பரம் தன்னை இணங்க வைக்கப் பார்க்கிறது என்பது ஏறத்தாழ எட்டு வயதுவரை பிடிபடாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004-இல் சொன்னது இதைத்தான். ஆகவே ஆறு வயதுப் பிள்ளையின் காதில் ‘அப்பாகிட்ட சொல்லு’ என்பது விற்பனைப் பேச்சாக விழுவதில்லை, பெரியவர் ஒருவர் சொன்ன வேலையாகவே விழுகிறது.

திருத்துவது கடினமில்லை. ஏவலை எடுத்துவிட்டு பொருள் செய்வதை மட்டும் சொன்னால் போதும். ‘மேடு ஏறும். கவிழ்ந்தா தானா நிமிரும். பின்னாடியும் ஓடும்.’ இதில் யாருக்கும் கட்டளை இல்லை, பிள்ளைக்கும் சுவாரசியம் குறையவில்லை.

வசனத்தைத் திருத்திவிட்டுப் படத்தை அப்படியே விட்டுவிடுவது வழக்கமான தவறு. அகலக் கோண லென்ஸைத் தரையோடு வைத்து எடுத்தால் உள்ளங்கை நீளக் கார் லாரி மாதிரி தெரியும். காட்சியை வேகமாக ஓட்டி, உறுமல் சத்தத்தை ஸ்டுடியோவில் சேர்த்தால், பெட்டியில் இல்லாத கார் ஒன்று திரையில் ஓடும். பொருளின் அளவையும் திறனையும் பிள்ளை கணிக்க முடியாதபடி காட்டுவதும் தவறான விளம்பரமே. முதல் மூன்று விநாடிக்குள் காரும் பிள்ளையின் கையும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும். பொம்மை எழுப்பும் சத்தமே ஒலிக்க வேண்டும். ஓட்டுகிற பிள்ளை பெட்டியில் போட்டிருக்கும் வயதுக்குள் இருக்க வேண்டும். படத்தை வெட்டி ஒட்டாமல், அந்தப் பிள்ளை உண்மையாகவே செய்துகாட்டும் வித்தையை மட்டுமே காட்ட வேண்டும். திரையில் வரும் சரிவுப் பாதை பெட்டியில் இல்லையென்றால் அந்தப் பாதையே படத்தில் வேண்டாம்.

‘கீழே எழுத்து போட்டுவிட்டோமே’ என்பது இங்கே செல்லாது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்து எதற்கு? குரலில் சொன்னாலும் எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியம். 1977-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பாகங்களைப் பொருத்த வேண்டியிருக்கும் என்பதைச் சட்ட நடையில் கேட்ட பிள்ளைகளுக்கு, எதுவுமே கேட்காத பிள்ளைகளைவிட ஒன்றும் கூடுதலாகப் புரியவில்லை. ‘நீதான் இதைச் சேர்த்து மாட்டணும்’ என்று எளிமையாகச் சொன்னபோது புரிந்தது. ‘பேட்டரிகள் உள்ளடங்கா’ என்று எழுதுகிறவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். ‘பேட்டரி தனியா வாங்கணும்’ என்றால் பிள்ளைக்கும் புரியும், பெற்றோருக்கும் புரியும்.

இனி இரண்டாவது படிவம். ஏவல் பெரியவரை நோக்கி இருப்பதால் நேரடித் தூண்டல் தடை இதைத் தொடாது. ஆனால் ‘பின்தங்கலாமா’ என்பது முதல் படிவத்தின் ‘உன்கிட்ட மட்டும் இல்லையா’ தான், பெற்றோருக்கு ஏற்ற உடுப்பில். ‘மூளை வளர்ச்சி’ அதைவிட மோசம். அந்தக் காரை வைத்து நடந்த சோதனை ஏதாவது கையில் இருந்தால் ஒழிய அந்தச் சொல்லை எழுதக் கூடாது. பொதுவாக விளையாட்டு நல்லது என்ற கட்டுரைகள் இந்தக் காருக்கு ஆதாரமாகாது.

பெற்றோருக்குத் தேவைப்படுவது வேறு. எந்த வயதுக்கு, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம், ஏறினால் எத்தனை நிமிடம் ஓடும், பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது. முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டால் பன்னிரண்டு நிமிடம் ஓடும் என்றால் அதை அப்படியே சொல்ல வேண்டும். சின்னப் பாகங்கள் பற்றிய எச்சரிக்கையும் இவர்களுக்கே. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் பாகம் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும். வயது அடையாளம் அதற்காகத்தான். ‘கெட்டிக்காரப் பிள்ளைக்கு வயது தடையில்லை’ போன்ற வரியை எவ்வளவு கேட்டாலும் எழுதக் கூடாது.

ஆக, பொம்மையில் இரண்டு வழியையும் சேர்க்கலாம் என்பதே என் முடிவு. முதல் பதினான்கு விநாடி பிள்ளை பார்க்க, கட்டளை இல்லாமல். கடைசி ஆறு விநாடி பெற்றோருக்கு: “எட்டு வயசுக்கு மேல. பேட்டரி பெட்டிக்குள்ளயே இருக்கு. ஒரு சார்ஜுக்கு பன்னிரண்டு நிமிஷம் ஓடும்.”

நொறுக்குத்தீனியில் இந்தச் சமரசத்துக்கு இடமில்லை. பொம்மை ஏமாற்றினால் இரண்டு நாளில் மூலையில் கிடக்கும். தீனி மறுபடி மறுபடி வாங்கப்படும், வயிற்றுக்குள் போகும். அதனால் பெற்றோரிடம் மட்டுமே பேச வேண்டும். ஆனால் குழி ஆழமாக இருப்பதும் இங்கேதான், ஏனென்றால் பெற்றோரின் அக்கறையையே தூண்டிலாக்கும் விளம்பரம் இங்கு அதிகம். ‘பாலின் நன்மை’ என்ற பிஸ்கட் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக.

100 கிராமில் 25 கிராம் சர்க்கரை, 120 மில்லிகிராம் கால்சியம். பெரியவருக்கான ஒரு நாள் அளவு 800 மில்லிகிராமில் 15 சதவீதம் 120 என்பதால், ஐரோப்பிய விதிப்படி ‘கால்சியம் கொண்டது’ என்று போட்டுக்கொள்ளலாம். சரி, பிள்ளை சாப்பிடுவது நான்கு பிஸ்கட், 30 கிராம். அதில் கால்சியம் 36 மில்லிகிராம். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது நான்கு பிஸ்கட்டுக்கு 30 மில்லி பால், இரண்டு மேசைக்கரண்டி. படத்தில் ததும்பும் டம்ளர் பாலுக்குள் பிஸ்கட் குதித்தால், எழுத்தில் பொய் இல்லாவிட்டாலும் படம் பொய் சொல்கிறது.

சர்க்கரையைப் பாருங்கள். நான்கு பிஸ்கட் என்றால் 7.5 கிராம். பிள்ளை 75 கிராம் பாக்கெட்டைத் தீர்த்தால் 18.75 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையும் தரும் ஆற்றல் நாளின் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரை. 1500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 37.5 கிராம். ஒரு பாக்கெட்டில் பாதி நாள் கணக்கு முடிந்தது. ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று சின்ன எண்ணைப் போடுகிற விளம்பரம், படத்தில் பாக்கெட் முழுவதையும் பிள்ளை கையில் கொடுத்திருந்தால் அது தன்னையே மறுக்கிறது. பெற்றோருக்கான தீனி விளம்பரத்தில் என் முதல் சோதனை, திரையில் தெரியும் பிஸ்கட்டுகளை எண்ணுவதுதான். எழுதிய பரிமாறல் அளவை அது தாண்டக் கூடாது.

வசனம், படம், எண் மூன்றும் சரியாக இருந்தும் இடம் தவறினால் எல்லாம் வீண். கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரத்தைத் தடைசெய்கிறது. பொம்மை நிறுவனம் ஒன்று எதிர்த்தும் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1989-இல் அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது. விளம்பரம் யாரை நோக்கியது என்று அங்கே மூன்றை வைத்துப் பார்க்கிறார்கள்: பொருளின் இயல்பும் நோக்கமும், காட்டும் விதம், வெளிவரும் நேரமும் இடமும். ‘வாங்கிக் கொடுங்க’ என்று பன்மையில் பேசிவிட்டு, துள்ளும் பாட்டோடும் கார்ட்டூன் பொம்மையோடும் மாலைக் கார்ட்டூனுக்கு நடுவே ஓட்டினால், இந்தச் சோதனையில் அது பிள்ளை விளம்பரம்தான். இந்திய வழிகாட்டுதலும் சிப்ஸ், காற்றூட்டிய பானம் போன்றவற்றை குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலோ குழந்தைகளுக்கு மட்டுமான சேனலிலோ காட்டக் கூடாது என்கிறது. யாரிடம் பேசினாலும் அந்த இடத்தில் இல்லை.

பிரிட்டனில் 2026 ஜனவரி 5 முதல் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்ததாக வகைப்படுத்தப்பட்ட தீனி விளம்பரம் தொலைக்காட்சியில் காலை 5.30 முதல் இரவு 9 வரை வரக் கூடாது; இணையத்தில் காசு கொடுத்துப் போடவே முடியாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது வசனத்தை அல்ல, தீனியின் சத்து மதிப்பெண்ணை.

ஒரு படிவம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பது உதவும். ஒலியை அணைத்து ஒருமுறை: படம் மட்டும் யாரை இழுக்கிறது? கண்ணை மூடி ஒருமுறை: வினைமுற்று எல்லாம் யாரைப் பார்த்து நிற்கிறது? இரண்டுக்கும் ஒரே விடை வராவிட்டால், எது இளையவரைக் காட்டுகிறதோ அதுவே அந்த விளம்பரத்தின் உண்மையான பார்வையாளர் என்று வைத்துத் திருத்த வேண்டும்.