ஸ்லைடிங் விண்டோ லாகும் டோக்கன் பக்கெட்டும்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 100 கோரிக்கைகள் என்ற வரம்பை இரண்டு முறைகளிலும் நீண்ட காலம் நடத்திப் பார்த்திருக்கிறேன். எந்த 60 விநாடியை எடுத்துக்கொண்டாலும் 100-ஐத் தாண்டவே கூடாது என்றால் ஸ்லைடிங் விண்டோ லாக் அதை அப்படியே காப்பாற்றும். ஏனெனில் அது அனுமதித்த ஒவ்வொரு கோரிக்கையின் நேரத்தையும் வைத்துக்கொண்டு எண்ணுகிறது.

இதை ரெடிஸின் சார்ட்டட் செட்டில் எழுதுவதே வழக்கம். `ZREMRANGEBYSCORE` பழையவற்றை நீக்கும், `ZCARD` எண்ணும், இடமிருந்தால் `ZADD` சேர்க்கும். இடையில் வேறொரு கோரிக்கை நுழையாதபடி மூன்றையும் ஒரே லுவா ஸ்கிரிப்டில் வைக்க வேண்டும். மறுத்த கோரிக்கைகளையும் பதிவு செய்துவிட்டால், விடாமல் முயலும் பயனர் ஒருபோதும் விடுபடமாட்டார். அதோடு, இயல்பு அமைப்பில் 128 உறுப்புகளைத் தாண்டியதும் ரெடிஸ் கச்சிதமான லிஸ்ட்பேக்கிலிருந்து ஸ்கிப் லிஸ்ட்டுக்கு மாறுவதால் நினைவகச் செலவும் சட்டென உயரும். `ZCARD` வரம்பைத் தாண்டிய எண்ணைக் காட்டினால் காரணம் பெரும்பாலும் மறுத்தவற்றையும் பதிவு செய்வதுதான். உறுப்பின் பெயராக நேரத்தை மட்டும் வைத்தால், ஒரே மில்லிவிநாடியில் வந்த இரண்டு கோரிக்கைகள் ஒன்றாகிவிடும் என்பதால் கோரிக்கை எண்ணையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஒரே சர்வருக்குள் வேலை முடியுமானால் ரிங் பஃபரே என் தேர்வு. அனுமதித்த நேரங்களை மட்டும் வைப்பதால் 100 இடங்கள் போதும், மிகப் பழையது ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். எல்லா இடங்களிலும் முதலில் மிகப் பழைய நேரம் ஒன்றை நிரப்பிவிட வேண்டும்.

```
if now - buf[head] >= 60:
    buf[head] = now
    head = (head + 1) % 100
    allow()
```

ஆனாலும் நேரம் ஒன்றுக்கு 8 பைட் என்றால் ஒரு பயனருக்கு 800 பைட், 10 லட்சம் பயனர்களுக்கு 800 எம்பி ஆகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டோக்கனை எடுக்கும் டோக்கன் பக்கெட்டுக்கு மீதமுள்ள டோக்கன், கடைசியாக நிரப்பிய நேரம் என்ற இரண்டு எண்கள் போதும் என்பதால் அதே கூட்டத்துக்கு 16 எம்பியில் முடிகிறது.

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. கொள்ளளவை 100 ஆகவும் நிரப்பும் வேகத்தை நிமிடத்துக்கு 100 ஆகவும் வைத்தால், முதல் நொடியிலேயே 100 கோரிக்கைகள் போய்விடும். பிறகு 0.6 விநாடிக்கு ஒன்றாக நிரம்புவதால், அந்த ஒரு நிமிடத்துக்குள் ஏறத்தாழ 200 கோரிக்கைகள் கடந்துவிடும். ஆகவே கொள்ளளவு 20, வேகம் நிமிடத்துக்கு 80 என்று பிரித்து வைக்கிறேன். அப்போது எந்த நிமிடத்திலும் 100-ஐத் தாண்டாது. ஆனால் சீராக அனுப்பும் பயனருக்கு 80 மட்டுமே கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டோக்கன்களை முழு எண்ணாக வெட்டி, நேரத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் புதுப்பித்தால், 0.1 விநாடிக்கு ஒருமுறை வரும் பயனருக்குச் சேரவேண்டிய பின்னம் எப்போதும் பூஜ்யமாகி, பக்கெட் நிரம்பவே நிரம்பாது. அதிகம் கேட்பவருக்கு மட்டும் தொடர்ந்து 429 வருவது இதன் அடையாளம். பின்னத்தையும் சேர்த்துச் சேமித்தால் அது நின்றுவிடுகிறது.