மரச் சக்கரத்துக்குப் பதில் டயர்: நான் ஏமாந்த கதை

மாட்டு வண்டிக்கு டயர் மாட்டப் போகிறவர்கள் பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது செங்குன்றம் பக்கம். வைக்கோலும் செங்கல்லும் ஏற்றுகிற பாரவண்டி, 5 அடி மரச் சக்கரம். பக்கத்துப் பட்டறையில் "பழைய கார் அச்சு இருக்கு, 16 அங்குல டயரோட 22,000 ரூபா, மரச் சக்கரத்தை நானே எடுத்துக்கறேன்" என்றார்கள். சரி என்று விட்டேன்.

முதல் நாளே 1 டன் செங்கல் ஏற்றினேன். மாடுகள் நாலு எட்டு வைத்ததும் தலையைத் தூக்கித் திணறின. பார்த்தால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்குகிறது. மரச் சக்கரத்தில் அச்சு தரையிலிருந்து 30 அங்குலம். 16 அங்குலம் என்பது ரிம்மின் அளவு, டயரோடு சேர்த்தும் அச்சின் உயரம் 14 தான். அச்சு 16 அங்குலம் இறங்கியும் மாட்டின் உயரம் மாறவில்லை, அதனால் 10 அடி நீள ஏர்க்கால் முன்பக்கம் உயர்ந்து வண்டி பின்னால் சாய்ந்துவிட்டது. பாரத்தின் மையம் அச்சுக்கு 3 அடி மேலே இருந்தால், இந்தச் சாய்வில் அது 5 அங்குலம் போலப் பின்னால் நகரும். 1 டன்னுக்கு நுகத்தில் 40 கிலோ அளவு மேல்நோக்கி இழுக்கும். முன்பாரம் அவ்வளவு இல்லாத வண்டியில் மாட்டின் தொண்டைதான் அதைத் தாங்க வேண்டும். அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே இறங்கிய உயரத்துக்குத் தாங்கி வைத்து, முன்னும் பின்னும் சாய்வுக் கம்பி கொடுத்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் சட்டத்தை அச்சின்மேல் அப்படியே உட்கார வைத்து போல்ட் போட்டிருந்தார்.

தாங்கியை வேறு இடத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறமும் வண்டி கனத்தது. ஒரே மாதத்தில் இரண்டு டயரும் வெளி ஓரத்தில் மட்டும் மழுங்கின. கையால் தடவினால் ரம்பப் பல் மாதிரி ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் குத்தும். காரணம், காரின் சக்கர முனைகளை வெட்டிக் குழாயில் கண்ணளவாகப் பற்றவைத்திருந்தார். நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் உள்ள தூரத்தை அச்சு உயரத்தில் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என் வண்டியில் முன்பக்கத் தூரம் ஒன்றேகால் அங்குலம் குறைவு. உருளாமல் தேய்ந்துகொண்டே போகிற சக்கரத்தைத்தான் மாடுகள் இழுத்திருக்கின்றன, பாவம்.

போய்க் கேட்டால் "ஓட ஓட சரியாயிடும்ணே" என்றார். பணம் வராது என்று தெரிந்ததும், என் மரச் சக்கரத்தையாவது கொடு என்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ரிசார்ட் வாசலில் அலங்காரத்துக்கு வைக்க அன்றைக்கே விற்றுவிட்டாராம்.