மழை ஜாக்கெட் ஊறுகிறதா? பூச்சு பாட்டிலுக்கு முன்னால் கழுவும் பாட்டிலை வாங்குங்கள்

மழை ஜாக்கெட்டின் தோள்பட்டை ஊறிப்போகிறது, நிக்வாக்ஸ் நிறுவனத்தின் டிஎக்ஸ் டைரக்ட் என்ற நீர்விலக்குப் பூச்சுத் திரவத்தை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அதே நிறுவனத்தின் டெக் வாஷ் என்ற கழுவும் திரவம், டிஎக்ஸ் டைரக்ட் இரண்டையும் பல பருவமழைகளாகப் பயன்படுத்தி வருவதால், அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், ஊறுவது வேறு, ஒழுகுவது வேறு. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு. வெளித்துணியில் உள்ள விலக்குப் பூச்சின் வேலை, தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடுவது மட்டும்தான். பூச்சு செயலிழந்தால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துவிடும், வியர்வை ஆவி வெளியேற வழியிருக்காது, உள்ளே ஈரமாகும். பலர் இதைத்தான் ஒழுகல் என்று நினைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஜாக்கெட்டை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். தையல் மேல் ஒட்டிய டேப் உரிந்திருந்தாலோ, உட்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தாலோ இந்தத் திரவங்கள் எதுவும் உதவாது.

பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் பூச்சு போயிருப்பதில்லை. அழுக்கு, உடம்பு எண்ணெய், சாதாரண சோப்புத்தூளின் மிச்சம் எல்லாம் அதை மூடியிருக்கும். சோப்புத்தூளின் மிச்சம் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது. துணி மென்மையாக்கி அதைவிட மோசம். ஃப்ளோரின் கலக்காத புதிய பூச்சுகளுக்கு எண்ணெயை விலக்கும் சக்தி இல்லாததால் இந்தத் தொல்லை இப்போது கூடியிருக்கிறது.

கழுவும் முறை எளிது. ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடுங்கள். கழுத்துப்பட்டி, மணிக்கட்டுப் பகுதிகளில் டெக் வாஷைச் சில துளிகள் நேரடியாக விட்டு விரலால் தேயுங்கள். ஒரு பக்கெட் வெதுவெதுப்பான நீருக்கு 100 மில்லி. இது சோப்பு வகை என்பதால் உப்புத் தண்ணீரில் திரிந்து பிசுக்காகும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அளவைக் கூட்டுவதைவிட, பிடித்து வைத்த மழைநீரில் கழுவுவது நல்லது. மெஷினில் போட்டால் முதலில் சோப்புப் பெட்டியைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே காய்ந்து கிடக்கும் பழைய தூள் எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும். அலசல் இரண்டு முறை.

அடுத்தது சூடு. நம் வீடுகளில் டிரையர் அபூர்வம். அதனால் நிழலில் முழுக்கக் காய்ந்தபின், உள்ளே இருக்கும் குறிச்சீட்டு இஸ்திரியை அனுமதித்தால், மேலே பருத்தித் துண்டு விரித்து, ஆவி இல்லாமல், குறைந்த சூட்டில் தேயுங்கள். சூட்டில் பூச்சு மறுபடி உயிர்பெறும். பிறகு தோள்பட்டையில் கைப்பிடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டோடினால் வேலை முடிந்தது, பூச்சு பாட்டில் தேவையே இல்லை. செத்தது என்று மூலையில் போட்ட ஜாக்கெட்டில் தண்ணீர் இப்படி மணிமணியாக ஓடுவதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

ஓடாமல் கருப்பாகத் திட்டு விழுந்தால் அங்கே பூச்சு தேய்ந்துவிட்டது. பையின் பட்டை உரசும் தோளும், இடுப்புப் பெல்ட் அமரும் இடமும்தான் எப்போதும் முதலில் போகும். எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். டிஎக்ஸ் டைரக்டில் கழுவும்போதே சேர்க்கும் வகை நன்றாகவே வேலை செய்கிறது, முத்து அருமையாக உருள்கிறது. ஆனால் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்காக முழு ஜாக்கெட்டுக்கும் பாட்டிலில் 100 மில்லி போகிறது. வியர்வையை உறிஞ்ச வேண்டிய உள் அஸ்தர் துணியும் தண்ணீரை விலக்கத் தொடங்கிவிடுகிறது. எத்தனை முறை போட்டாலும் பட்டை உரசும் இடம் கொஞ்ச நாளில் மறுபடி அங்கேயேதான் ஊறுகிறது. ஸ்பிரே வகை இதற்குச் சரி: கழுவிய ஈரம் இருக்கும்போதே ஒரு சாண் தூரத்திலிருந்து அந்த இடங்களில் மட்டும் அடித்து, இரண்டு நிமிடம் கழித்து வழிந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் வெள்ளைத் திட்டாகக் காயும்.

ஷூவுக்கு இதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லேஸையும் உள்சோலையும் கழற்றி, நாக்கின் மடிப்பில் ஒளிந்திருக்கும் மண்ணைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள். தோலுக்கு ஏற்ற திரவத்தை ஈரத் தோலிலேயே தடவலாம், உலர வைக்கத் தேவையில்லை. சூடு மட்டும் கூடவே கூடாது: ஹீட்டர், அடுப்பு ஓரம், உச்சி வெயில் எல்லாம் சோலின் பசையை இளக்கி, தோலை வெடிக்க வைக்கும். செய்தித்தாளை உள்ளே திணித்து, நனைய நனைய மாற்றி, மின்விசிறியின் கீழ் வையுங்கள். கால்விரல் மடியும் இடத்தில் உள் சவ்வு கிழிந்திருந்தால் எந்தப் பூச்சும் உதவாது. ஷூவுக்குள் தண்ணீர் ஊற்றி, காய்ந்த தாளின் மேல் வைத்தால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும்.

கழுவும் திரவத்தை ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் வாங்குவேன். கழுவும்போதே சேர்க்கும் பூச்சு, விளம்பரம் சொல்வதைச் செய்கிறது. இருந்தாலும் இனி வாங்கப் போவதில்லை. நண்பருக்கும் ஸ்பிரேதான், அதுவும் கழுவிப் பார்த்த பிறகு.