கீசர் வால்வு சொட்டுது என்று கேட்ட நண்பனுக்கு: எக்ஸ்பான்ஷன் டேங்க்கோடு என் அனுபவம்

கல்கிசையில் வீடு கட்டி முடிக்கிற நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், உன்ர கீசர் வால்வு ஒழுகுறது நின்றிட்டுதா? நான் பிரஷர் பம்ப் போடாமல் விட்டா எனக்கு அந்தக் கரைச்சல் வராதுதானே?" வரும். பம்ப் இல்லாவிட்டாலும் வரும். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 80 லீற்றர் கீசர், வெள்ளவத்தை பிளாட் ஒன்றில். சுடுதண்ணி விஷயத்தில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். குறை முழுக்க அடியில் பூட்டியிருக்கும் அந்தச் சின்னப் பித்தளை வால்வில்தான். இரவில் சுவிட்சைப் போட்டு பத்து நிமிஷம் போகமுன்னமே சொட்டத் தொடங்கும். சொட்டு நேரே கீழ் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியில் விழும். தகரத்தில் டொக், டொக். "தம்பி, உங்கட தண்ணி எங்கட ஏசிக்கு மேல விழுது, இரவில நித்திரை இல்லை" என்று கீழ் வீட்டு அன்ரி சொல்லாத கிழமை இல்லை.

முதலில் வந்த பிளம்பர் வால்வு பழுது என்று புதுசு மாற்றினார். அதுவும் சொட்டியது. இரண்டாவது ஆள் இன்னும் மோசம்: "வாயில ஒரு கேப் போட்டு அடைச்சுவிடுவம்" என்றார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். தெர்மோஸ்டாட் ஒருநாள் சிக்கிக் கறண்ட் ஓஃப் ஆகாமல் விட்டால், அந்தத் தாங்கி வெடிக்காமல் காப்பாற்றுவது அந்த வாய் மட்டும்தான். அதை அடைக்கவே கூடாது.

உண்மையில் வால்வு தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. கொழும்பில் பைப்பில் வரும் தண்ணி ஏறக்குறைய 28 பாகை. அதை 65 பாகைக்குச் சூடாக்கினால் ஒன்றரை வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரியும். 80 லீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 1.3 லீற்றர். இந்த மேலதிகத் தண்ணி எங்கே போகும்? வந்த வழியே திரும்பிப் போகலாம் என்றால், அந்தப் பித்தளை வால்வுக்குள்ளேயே ஒரு ஒருவழி வால்வும் இருக்கிறது. தண்ணி வெட்டு நேரத்தில் கீசர் காலியாகாமலும், சுடுதண்ணி பச்சைத்தண்ணி லைனுக்குள் திரும்பாமலும் அது தடுக்கும். நல்லதுதான், ஆனால் விரிந்த தண்ணிக்கும் அதே கதவைத்தான் சாத்துகிறது. தண்ணியை அமுக்கிச் சுருக்க ஏலாது என்பதால், சில பாகை சூடேறுவதற்குள் அழுத்தம் 8 பாருக்கு எகிறும். வால்வு திறக்கிற அளவு அதுதான். அதன் உடம்பில் 0.8 மெகாபாஸ்கல் என்று பொறித்திருக்கும். கீழே ஒரு ஜக் வைத்துப் பார்த்தேன்: யாரும் குளிக்காத இரவில் முழுச் சூட்டுக்கு ஒரு லீற்றருக்கு மேல் சேர்ந்தது. கணக்கு பொய் சொல்லவில்லை.

ஆகவே மச்சான், குற்றவாளி பம்ப் இல்லை, அந்த ஒருவழிக் கதவு. மேல் தாங்கியிலிருந்து சும்மா இறங்கும் தண்ணியானாலும் கதவு சாத்தினால் அழுத்தம் 8 வரை ஏறத்தான் செய்யும்.

உன் வீட்டிலும் சொட்டினால் காரணம் இதுதானா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கீசர் சூடாகிக்கொண்டிருக்கும்போது சுடுதண்ணிப் பைப்பைக் கொஞ்சம் திற. சொட்டு நின்றால் விரிவுதான். கறண்டை ஓஃப் பண்ணி, தண்ணி ஆறின பிறகும் சொட்டினால் வால்வின் இருக்கையில் உப்போ மண்ணோ பிடித்திருக்கலாம். நெம்பைத் தூக்கி ஒருக்காக் கழுவிப் பார். அதற்கும் நிற்காவிட்டால் வரும் தண்ணியின் அழுத்தமே கூட என்று நினை.

மருந்து எக்ஸ்பான்ஷன் டேங்க். நான் போட்டது 8 லீற்றர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணி. விரிந்த தண்ணி காற்றை அமுக்கிக்கொண்டு அதற்குள் போய் இருந்துவிடும். ஆறினதும் காற்று அதைத் திருப்பித் தள்ளும். பம்ப் தரும் 3 பார் அழுத்தத்துக்கே காற்றையும் அடித்து வைத்தால், முழுச் சூட்டிலும் 4 பாரைத் தாண்டாது. வால்வுக்கு வேலையே இல்லை.

"பம்பில ஏற்கெனவே ஒரு உருளை இருக்குத்தானே சார், அது காணும்" என்று பிளம்பர் வாதாடினார். அது கதவுக்கு வெளியே நிற்கிற உருளை. விரிவு நடப்பது கதவுக்கு உள்ளே. எக்ஸ்பான்ஷன் டேங்க் அந்தப் பித்தளை வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் டீ மூட்டு ஒன்று போட்டுத்தான் வரவேண்டும். ஒரு அங்குலம் வெளியே தள்ளிப் போட்டாலும் காசு தண்டம். நடுவில் மூடுகிற வால்வு ஒன்றும் கூடாது. குடிதண்ணிக்கு உகந்த சவ்வுள்ளதையே கேட்டு வாங்கு.

பூட்டிய அன்றிரவு டொக் டொக் இல்லை. அன்ரி அடுத்த நாள் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினா. அந்த அமைதிக்கு எவ்வளவும் கொடுக்கலாம் என்று அப்போது சொன்னவன் நான்தான்.

பிறகு, இந்த வருஷம், திரும்பத் தொடங்கியது. சேர்விஸ் ஆள் வந்து, ரயருக்கு வைப்பது போலக் காற்று வால்வில் கேஜ் வைத்தார். 3 பார் காட்டியது. "காற்று சரி, வால்வை மாத்துவம்" என்றார். எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. தண்ணி மறுபக்கம் 3 பாரில் தள்ளிக்கொண்டிருக்கும்போது காற்றும் 3 தான் காட்டும், மிச்சம் இருப்பது எவ்வளவு என்றாலும். அவர் போன பிறகு நானே செய்தேன். கறண்ட் ஓஃப், தண்ணி ஆறும்வரை பொறுத்து, பச்சைத்தண்ணி வால்வை மூடி, சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து அழுத்தம் முழுக்க இறக்கினேன். இப்போது கேஜ் முள் அசையவே இல்லை: காற்று எல்லாம் மெல்லப் போயிருந்தது. காற்று வால்வின் ஊசியை அமுக்கினால் தண்ணி வரவில்லை, ஆகவே சவ்வு நல்லாத்தான் இருக்கு. தண்ணி வந்திருந்தால் டேங்க்கை எறிய வேண்டியதுதான். சைக்கிள் பம்பால் 3 பார் அடித்து, லைனைத் திறந்தேன். சொட்டு நின்றது.

அப்ப இதை வாங்கச் சொல்கிறேனா? வேலை செய்கிறதில் குறை இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒருக்கா தண்ணியை மூடி, ஏணியில் ஏறிக் காற்றுப் பார்க்கிற ஒரு சாமானைக் கீசர்காரர் பெட்டிக்குள் வைக்காமல், புத்தகத்தில் மட்டும் "சூடாகும்போது சொட்டுவது வழமை" என்று எழுதி விடுவது எனக்கு இன்னும் கோபம். நீங்கள் இரண்டு பேர்தானே, இன்ஸ்டன்ட் ஹீட்டரைப் போடு, தாங்கியும் வேண்டாம், விரிவும் வேண்டாம். மாமா மாமி நிரந்தரமாக வந்து இருக்கப்போகிறார்கள் என்றால் மட்டும் 80 லீற்றரும் எக்ஸ்பான்ஷன் டேங்க்கும். அப்படியென்றால் டைல் பதிக்கமுன்னம் மேசன் பாஸிடம் சொல்லி, வால்வு வாயிலிருந்து தரை வடிகாலுக்கு ஒரு குழாய் இறக்கி, கீசருக்குப் பக்கத்தில் டேங்க்கைத் தாங்க ஒரு பிராக்கெட்டுக்கும் இடம் விடு.